முதல் வரி மட்டும்

லோகப்பிரியாவின் மேசைக்கு மேலே, சுவரில், காற்று வரும் கம்பித் தட்டி ஒன்று இருந்தது. அதில் யாரோ எந்தக் காலத்திலோ ஒரு முழ நூலைக் கட்டிவிட்டிருந்தார்கள். மில்லில் ஃபேன் ஓடினால் நூல் படபடக்கும். நின்றால் தொங்கும். கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்கிப் போட்டிருக்கிற மில்லில், ஃபேன் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள எல்லாரும் நிமிர்ந்து பார்த்தது இந்த முழ நூலைத்தான்.

அன்று காலை பத்து மணியிலிருந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நாலாம் நம்பர் ஃபேனில் பேரிங் சத்தம் வருகிறது என்று நிறுத்தியிருந்தார்கள். ஃபிட்டர் யூனுஸ் ஃபேன் அறைக்குள் போயிருந்தார்.

ஃபேன் என்றதும் வீட்டுக் கூடத்தில் சுற்றுகிறதை நினைத்துவிட வேண்டாம். நூற்பாலையில் காற்று ஈரமாக இருந்தாக வேண்டும். காய்ந்தால் நூல் பொட்டுப் பொட்டென்று அறுந்துபோகும். அதற்காகத் தண்ணீர்ச் சாரலுக்குள் காற்றை இழுத்து ஆலை முழுவதும் தள்ளுகிற ஃபேன் அது. ஒரு ஆள் நின்றால் அவர் தலைக்கு மேலும் இறக்கை நீளும். அதைப் பழுது பார்க்க வேண்டுமானால் இரும்புக் கதவைத் திறந்து, இறக்கைகளுக்கு நடுவே குனிந்து நுழைய வேண்டும். ஓட்டும் ஸ்விட்ச் அங்கே கிடையாது. அது இருநூறு அடி தள்ளி, பேனல் ரூமில், அருள்குமாரின் கையில் இருந்தது.

உள்ளே ஆள் இருக்கும்போது ஸ்விட்ச்சுக்குப் பூட்டுப் போட வேண்டும், சாவி உள்ளே போகிறவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பது விதி. பூட்டு மாட்டும் கொண்டி உடைந்து மூன்று மாதம் ஆயிற்று. ஸ்டோருக்கு எழுதிப் போட்டார்கள். ஸ்டோர் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தது. அதுவரைக்கும் ஒரு சிவப்பு அட்டையை ஸ்விட்ச்சில் தொங்கவிட்டு வேலை நடந்தது. அட்டையை எப்போது எடுக்கலாம் என்பதைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து லோகப்பிரியா எழுத்தில் சொல்வாள். வாய்ச் சொல் செல்லாது. இயந்திரச் சத்தத்தில் ஃபோனில் பேசுவது யாருக்கும் விளங்காது என்பதால் மேனேஜர் தம்பிதுரை போட்ட கட்டளை அது.

கட்டளை என்றால் ஒழுங்கும் உண்டு. முதல் வரியில் என்ன செய்ய வேண்டும். இரண்டாம் வரியில் எப்போது, எந்த நிபந்தனையில். மூன்றாம் வரியில் எழுதியவர் பெயர். இரண்டு வருடமாக லோகப்பிரியா அப்படித்தான் தன் கைபேசியிலிருந்து எழுதி வந்தாள். ஒரு வரி முடிந்ததும் என்டர். அடுத்த வரி. என்டர். கடைசியாகப் பச்சை அம்பைத் தொட்டு அனுப்புவாள். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் எழுதிவிடுவாள்.

போன சனிக்கிழமைதான் கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு கணினி வந்தது. கைபேசியில் குடும்ப விஷயமும் மில் விஷயமும் கலக்கிறது என்று, மில்லுக்கென்றே ஒரு செய்திச் செயலி வாங்கியிருந்தார்கள். பீளமேட்டில் ஆபீஸ் வைத்திருக்கிற சாய்சரண் என்ற பையன் வந்து மாட்டிக் கொடுத்தான். கைபேசியிலும் ஓடும், கணினியிலும் ஓடும் என்றான். படம் அனுப்புவது, யார் பார்த்தார்கள் என்று பார்ப்பது, அனுப்பியதை அழிப்பது எல்லாம் காட்டினான். அடுத்த வரிக்கு எப்படிப் போவது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சோற்றை எப்படி விழுங்குவது என்று யாராவது கேட்பார்களா?

ஞாயிறு வார விடுமுறை. திங்களும் செவ்வாயும் அவளுக்கு விடுப்பு. அவிநாசியில் அண்ணன் மகளுக்குக் காது குத்து. புதன்கிழமை காலையில்தான் முதல்முறையாக அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். காலை முழுக்க ஒற்றை வரிச் செய்திகளாகவே வந்தன, போயின. "சரிங்க." "பார்க்கிறேன்." "லாரி வந்தாச்சு." அவற்றுக்கெல்லாம் ஒரு தடவை என்டரைத் தட்டினால் போயிற்று. நல்ல வசதி என்றுகூட நினைத்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு நூற்புப் பிரிவிலிருந்து நச்சரிப்பு தொடங்கியது. ஈரம் குறைந்துவிட்டது, நூல் அறுகிறது, ஃபேன் எப்போது வரும்? பக்கத்து மேசையில் நூல் பரிசோதனை அறிக்கை எழுதிக்கொண்டிருந்த புவனா நிமிர்ந்தாள்.

"அங்க கத்தறாங்க லோகா. யூனுஸ் அண்ணன் எப்ப முடிப்பாராமா?"

"இன்னும் அரை மணி நேரமாகும்னாருங்க. இப்பவே அருளுக்கு எழுதிப் போட்டுட்டா, அவரு வெளிய வந்து சொன்னதும் டக்குனு போட்டுருவாப்ல."

இதுதான் அவள் நினைத்தது. கெட்ட நினைப்பு இல்லை. வேலை தெரிந்தவள் நினைப்பதுதான். விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு எழுதினாள்.

நாலாம் நம்பர் ஃபேன் போடலாம்.

வரி முடிந்தது. சுண்டுவிரல் தானாகப் போய் என்டரைத் தட்டியது. "யூனுஸ் அண்ணன் வெளியே வந்து சொன்ன பிறகு மட்டும்" என்று இரண்டாம் வரியை எழுத விரலை எடுத்து வைத்தாள்.

எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுதியது எங்கே போயிற்று, அழிந்துவிட்டதா என்று தேடினாள். கண் மேலே போனது. அங்கே, பச்சைக் கட்டத்துக்குள், அவள் பெயருக்குக் கீழே, அந்த ஒற்றை வரி உட்கார்ந்திருந்தது. நாலாம் நம்பர் ஃபேன் போடலாம். முற்றுப்புள்ளியோடு. போடலாம் என்றால் போடலாம்தான். அதற்கு மேல் அதில் எதுவுமில்லை.

அவள் பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினாள்.

"புவனா..."

"ஏனுங்?"

"பாதி போயிருச்சு. மெசேஜு பாதிதான் போயிருக்குது."

செய்திக்குக் கீழே சின்ன எழுத்தில் "இரண்டு பேர் பார்த்தார்கள்" என்று வந்தது. தொட்டாள். முதல் பெயர் அருள்குமார். அதற்குக் கீழே இருந்த இரண்டாம் பெயரை அவள் படிக்கவில்லை. முதல் பெயரே போதுமானதாக இருந்தது. நூற்புப் பிரிவுக்காரர்கள் அவனையும் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தார்கள். எப்போது வரும் எப்போது வரும் என்று அவன் ஸ்விட்ச்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருப்பான். எழுத்தில் வந்தாயிற்று. அவன் ஏன் தாமதிக்கப்போகிறான்?

"போடாதே" என்று எழுதினாள். பதற்றத்தில் இரண்டு எழுத்து மாறி விழுந்தது. அழித்து மறுபடி எழுதி அனுப்பினாள். "உள்ளே ஆள்" என்று இன்னொன்று அனுப்பினாள். இரண்டும் போய் நின்றன. யாரும் பார்க்கவில்லை. முதல் செய்தியை அழித்தாள். அது கண் முன்னாலிருந்து மறைந்தது. அருள்குமாரின் தலையிலிருந்து அதை எந்தப் பொத்தானைத் தட்டி அழிப்பது?

கைபேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பேனல் ரூமில் சத்தத்துக்குக் காதை அடைத்து மூடிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். மணிச் சத்தம் கேட்காது. கேட்காது என்று அவளுக்கே தெரியும். அதனால்தானே எழுத்து என்று கட்டளை போட்டார்கள்.

"புவனா, பேனல் ரூமுக்கு ஓடுங்க! போடாதேன்னு சொல்லுங்க. யூனுஸ் அண்ணன் உள்ள இருக்காரு. ஓடுங்க!"

புவனா செருப்பை மாட்டவில்லை. நாற்காலி விழுந்த சத்தம் கேட்டபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

லோகப்பிரியா யூனுஸின் எண்ணைத் தட்டினாள். எடுங்க அண்ணா. எடுத்துத் தொலைங்க. மணி அடித்தது. ஒன்று.

உக்கடத்திலிருந்து தினம் பஸ் ஏறி வருகிற மனிதர். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கல்லூரியில் படிக்கிற மகள் ஹுமேராவைப் பார்க்க நடந்து போவார். மகள் விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறாள் என்று அவர் மனைவி இஸ்மத் அக்கா கொடுத்தனுப்புவதில் பாதி அவளுக்கு. இன்னும் அரை மணியில் அவர் கிளம்ப வேண்டிய நேரம். இரண்டாவது மணி.

மூன்றாவது மணி பாதியில் அறுந்தது.

எடுத்துவிட்டார் என்று நினைத்து, "அண்ணா, வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்தினாள். எதிர்முனையில் ஒன்றுமில்லை. மூச்சு இல்லை, இரைச்சல் இல்லை. காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அழைப்பு முடிந்திருந்தது. மறுபடி தட்டினாள். நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது.

அப்போது மேசை மேலிருந்த ஒரு காகிதம் மெல்ல நகர்ந்தது.

அவள் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். தட்டியில் தொங்கிக்கொண்டிருந்த நூலின் நுனி அசைந்தது. பிறகு முழு நூலும் எழுந்தது. பிறகு படபடத்தது.

ஃபேன் ஓடுகிறது.

எப்படி வெளியே வந்தாள், எந்தப் பக்கம் திரும்பினாள் என்று பின்னால் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. பஞ்சுப் பொதிகளை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கியது தெரிந்தது. யாரோ "ஏனம்மணி, என்னாச்சு?" என்று கேட்டது காதில் விழுந்தது. சொல்லவேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான். நான் ஒருத்தரைக் கொன்றுவிட்டேன். அதை எப்படி ஓடிக்கொண்டே சொல்வது? இஸ்மத் அக்காவிடம் எப்படிச் சொல்வது? என்டரைத் தட்டினேன் அக்கா, அது தெரியாமல் தட்டிவிட்டேன் அக்கா என்றா? ஒரு மனிதர் செத்ததற்கு இப்படி ஒரு காரணத்தை எந்த வீட்டு வாசலில் நின்று சொல்ல முடியும்?

ஃபேன் அறையின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. ஃபேன் ஓடும்போது உள்ளே இழுக்கிற காற்று கதவைத் தானே அறைந்து சாத்திவிடும். பிடியைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை. கதவு முழுக்க அதிர்ந்தது. கை வழியாகப் பல் வரைக்கும் அந்த அதிர்வு ஏறியது. "அண்ணா! யூனுஸ் அண்ணா!" என்று உள்ளங்கை சிவக்க அடித்தாள். அந்தச் சத்தத்துக்குள் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சத்தம் இறங்கத் தொடங்கியது. புவனா பேனல் ரூமுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெரிய ஃபேன் சட்டென்று நிற்காது. வீம்பு பிடித்த மாடு மாதிரி மெல்ல மெல்லத்தான் அடங்கும். அந்த ஒரு நிமிடமும் அவள் கதவுப் பிடியை விடவில்லை. காற்று விட்டதும் கதவு தானே திறந்தது.

உள்ளே இருட்டு. ஈரவாடை. இறக்கைகள் கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. கதவு வழியாகப் போன வெளிச்சத்தில் தரையில் சில்லுச் சில்லாக ஏதோ மின்னியது. கண்ணாடித் துண்டு. உடைந்த நீல நிற ஃபோன் உறை. அந்த உறை அவளுக்குத் தெரியும். ஹுமேரா வாங்கிக் கொடுத்தது என்று எல்லாரிடமும் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் ஒரு செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு.

லோகப்பிரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். உள்ளே பார்க்கவும் முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. ரத்தம் இருக்கிறதா என்று கண் தேடியது. தேடுகிறதே என்று மனசு அருவருத்தது.

"அம்மணி."

குரல் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பவில்லை. செத்தவர் குரல் கேட்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள்.

"அம்மணி, இங்க பாரு கண்ணு. நான் இங்க இருக்கறேன்."

கதவுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்கு மறைவில், சுவரோடு சாய்ந்து யூனுஸ் உட்கார்ந்திருந்தார். தலை, புருவம், தாடி எல்லாம் பஞ்சுத் துகள். முகமெல்லாம் நனைந்திருந்தது. சட்டை முன்பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. இரண்டு கையும் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தன.

அவள் எழுந்து போகவில்லை. தவழ்ந்துதான் போனாள். போய் அவர் தோளைத் தொட்டாள். சட்டை ஈரமாக இருந்தது. அதற்குள் சூடாக இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"எப்படிங்கண்ணா வந்தீங்க? எப்படி வந்தீங்க?"

"உள்ள வெளிச்சம் பத்தலேன்னு ஃபோனு லைட்டைப் போட்டு ஷாஃப்ட்டுப் பக்கத்துல மாட்டியிருந்தேன். மெசேஜு வந்து சிணுங்குச்சு. கிரீஸ் கையோட தொட்டுப் பார்த்தேன். நாலாம் நம்பர் போடலாம்னு இருக்குது." அவர் நிறுத்தி எச்சிலை விழுங்கினார். "நான் இருக்கறது நாலாம் நம்பர்ல. ஃபோனை எடுக்கறதுக்குக்கூட நிக்கல. ஒரு செருப்பு மாட்டிக்குச்சு, அப்படியே உட்டுப்போட்டு உருண்டு வந்து உழுந்தேன். எந்திரிக்கப் பாக்கறேன், எனக்குப் பின்னால கதவு அறையுது."

பார்த்த இரண்டு பேரில் இரண்டாவது பெயர் அவருடையது. ஃபிட்டர்களும் அந்தச் செயலியின் குழுவில்தானே இருந்தார்கள். கொல்லப் பார்த்த அதே வரிதான் அவரைக் காப்பாற்றியது. இதைக் கேட்டு சந்தோஷப்பட வேண்டும் என்று சிலர் சொல்லலாம். லோகப்பிரியாவுக்கு அதைக் கேட்டபோதுதான் பயம் அதிகமாயிற்று. அன்று அவர் டார்ச்சைக் கொண்டு போயிருந்தால்? ஃபோனைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருந்தால்?

"நான்தாண்ணா அனுப்புனேன்," என்றாள். "நீங்க வெளிய வந்ததுக்கு அப்புறம்னு எழுதறதுக்குள்ள அது போயிருச்சு. என்டரைத் தட்டினேன். வரி மாறும்னு நெனச்சுத் தட்டினேன்."

யூனுஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. வந்த கோபத்துக்குத் தெம்பு போதவில்லை.

"எனக்கு இப்ப ஒண்ணும் பேச முடியல அம்மணி. கொஞ்சம் தண்ணி கொடு," என்றார்.

அதற்குள் அருள்குமார் ஓடி வந்தான். கையில் இன்னும் அந்தச் சிவப்பு அட்டை இருந்தது. யூனுஸைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "எழுத்துல வந்துச்சுங்கண்ணா. எழுத்துல வந்துச்சுங்க," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு குழந்தை மாதிரி அழுதான்.

மேனேஜர் அறையில் அரை மணி நேரத்தில் விசாரணை முடிகிற மாதிரி இருந்தது. தம்பிதுரை கெட்டவர் இல்லை. ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். மேலே பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு எப்போதும் ஒரு பெயர் தேவைப்படும்.

"அட்டையில யூனுஸ் பேரு இருக்குது. ஆளை நேர்ல பார்க்காம எப்படி அட்டையை எடுத்தே? நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம். விசாரணை முடியற வரைக்கும் ஊட்டுல இரு," என்று அருள்குமாரிடம் சொன்னார். பிறகு லோகப்பிரியா பக்கம் திரும்பினார். "உன்ற மெசேஜு இப்ப அங்க இல்லை. அழிச்சுட்டே போல. அது அப்படியே இருக்கட்டும்."

அது அப்படியே இருக்கட்டும். அந்த மூன்று வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டார்! பேசாமல் தலையாட்டினால் போதும். அருள்குமார் அவளைப் பார்த்தான். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. அவனுக்கே இன்னும் எல்லாம் விளங்கவில்லை. தான்தான் சரியாகப் படிக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டுக் கடனில் பாதி அவள் சம்பளத்தில் ஓடியது. ஆனால் அன்று மதியம் அவள் பட்ட பயத்துக்கு முன்னால் இது ஒரு பயமா?

"நான் அனுப்புனதுங்க," என்றாள். "நாலாம் நம்பர் ஃபேன் போடலாம்னு அனுப்புனேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை அதுல இல்லீங்க. அவன் படிச்சது சரிங்க. நான் அனுப்புனதுதான் தப்பு. அப்புறம் பயத்துல அழிச்சுப்போட்டேன். பூட்டு இருந்திருந்தா நான் என்ன அனுப்புனாலும் ஃபேன் ஓடியிருக்காதுங்க. பூட்டுக் கேட்டு மூணு மாசம் ஆச்சு. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவள் நினைத்து வரவில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. தம்பிதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"யாரும் ஊட்டுக்குப் போக வேண்டாம்," என்றார். "நடந்தது நடந்தபடியே எழுதிக் கொடுங்க."

கொண்டியும் பூட்டும் இரண்டு மணிக்கு வந்துவிட்டன. மூன்று மாதம் வராத பூட்டு, ஒரு ஆள் செத்திருக்கலாம் என்றதும் பக்கத்துக் கடையிலிருந்தே வந்துவிட்டது.

சாய்சரணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்லவில்லை. என்டரைத் தட்டினால் ஏன் செய்தி போய்விடுகிறது என்று மட்டும் லோகப்பிரியா கேட்டாள்.

"அட, அதுங்களா அக்கா? கம்ப்யூட்டர்ல என்டர் தட்டினா அனுப்பிரும். வரி மாத்தணும்னா ஷிஃப்டை அமுத்திப் புடிச்சுட்டு என்டர் தட்டுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அதனாலதான் சொல்லலைங்க."

எல்லாருக்கும் தெரிந்தது என்கிற வார்த்தைக்கு எத்தனை பேர் பலியாகியிருப்பார்களோ, கணக்கு யார் வைத்திருக்கிறார்கள்?

"ஃபோன்ல அடிச்சா வரிதானே மாறுது?" என்று கேட்டாள்.

"ஃபோன்ல அனுப்பறதுக்குத் தனியா அம்பு இருக்குதுங்க. அதனால அதுல என்டர் வரிக்கு. இதுல என்டரே அம்பு மாதிரி. வேண்டாம்னா செட்டிங்ஸ்ல மாத்திக்கலாமுங்க. மாத்தினா என்டர் வரிக்குப் போகும், கன்ட்ரோலைப் புடிச்சுட்டு என்டர் தட்டினாத்தான் அனுப்பும். நம்ம செயலியில அந்த வசதி இருக்குதுங்க. எல்லா செயலியிலயும் இருக்காது, அதனால ஷிஃப்டைப் பழகிக்கிறது நல்லதுங்க. பெருசா எழுதறதா இருந்தா வேற எடத்துல எழுதி முடிச்சுட்டுக் கொண்டாந்து ஒட்டிருங்க, வரி வரியா அப்படியே உழுகும்."

எவ்வளவு சின்ன விஷயம். ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டுவது. புவனா அதை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

மூன்றேகால் மணிக்கு ஃபேன் தயாரானது. யூனுஸை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பாதி வேலையை இன்னொருத்தன் தலையில் கட்டிவிட்டுப் போக மாட்டேன் என்று, உடம்பு கொஞ்சம் தெளிந்ததும் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதே அறைக்குள் மறுபடியும் போய் வேலையை முடித்துவிட்டு வந்தார். பிறகு கதவைச் சாத்தி, பூட்டைத் திறந்து அருள்குமாரிடம் கொடுத்துவிட்டு, நேராகக் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார். ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் யாருடையதோ ஒரு செருப்பும் போட்டிருந்தார். லோகப்பிரியாவின் ஃபோனை வாங்கி மகளைக் கூப்பிட்டு, "இன்னிக்கு வரல பாப்பா, வேலை வந்துருச்சு. நாளைக்கு வாரேன்," என்று மட்டும் சொன்னார். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"எழுது அம்மணி. நான் பாக்கறேன்."

அவள் கை விசைப்பலகைக்குப் போக மறுத்தது. இரண்டு தடவை தொடையில் துடைத்தாள். வழக்கமான முதல் வரியைத்தான் எழுத வந்தாள். பாதியில் நிறுத்தி அழித்தாள். வேறு மாதிரி தொடங்கினாள்.

யூனுஸ் அண்ணன் வெளியே இருக்கிறார். நேரில் பார்த்தேன்.

இடது சுண்டுவிரலால் ஷிஃப்டை அழுத்தினாள். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள். அழுத்திக்கொண்டே என்டரைத் தொட்டாள். வரி போகவில்லை. கட்டம் ஒரு படி பெரிதாகி, கீழே புதிய வரிக்கு இடம் வந்தது. அவள் அடக்கியிருந்த மூச்சை விட்டாள். போயிருந்தாலும்தான் என்ன? இந்த வரி மட்டும் தனியாகப் போய்ச் சேர்ந்தால் யாரும் சாக மாட்டார்கள்.

ஃபேன் அறை காலி. கதவு சாத்தியாச்சு.

ஷிஃப்ட், என்டர்.

பூட்டை அவரே திறந்தார்.

ஷிஃப்ட், என்டர்.

நாலாம் நம்பர் ஃபேன் போடலாம்.

இந்த வரியை எழுதும்போது எழுத்து மங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷிஃப்ட், என்டர். கீழே தன் பெயரை எழுதினாள். மேலிருந்து கீழ்வரை மூன்று தடவை படித்தாள். இனி ஷிஃப்டை விட்டுவிட்டு என்டரைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். வலது கை விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"என்னால முடியலீங்கண்ணா."

யூனுஸ் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் படித்தார். உதடு அசையப் படித்தார். காதோரத்தில் இன்னும் ஒரு பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. பிறகு கையை நீட்டி, கிரீஸ் கறை படிந்த ஆள்காட்டி விரலால் என்டரைத் தானே அழுத்தினார்.

செய்தி முழுதாகப் போயிற்று. ஐந்து வரியும். அருள்குமார் பார்த்தான் என்று வந்தது. உடனே ஒன்றும் நடக்கவில்லை. அவன் மறுபடி படிக்கிறான் போல. பிறகு ஃபோன் அடித்தது, அருள்குமார்தான். இரைச்சலில் ஒன்றும் விளங்காது என்று தெரிந்தும் கூப்பிட்டிருந்தான்.

"அண்ணன் அங்க இருக்காருங்களா?" என்று கத்தினான்.

யூனுஸ் ஃபோனை வாங்கி, "இருக்கறேன் சாமி. போடு," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டியில் நூலின் நுனி அசைந்தது. எழுந்தது. படபடத்தது.

லோகப்பிரியா நூலைப் பார்க்கவில்லை. நாற்காலியில் முழுதாகத் திரும்பி, அவர் நிற்கிறாரா என்று பார்த்தாள். அவர் நின்றார். போதாமல் அவர் சட்டைக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.